வரப்பிலிருந்து வந்த கோடரி

மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம். வானத்திலிருந்து விழுந்த கல் என்று ஒருவர் எழுதுவார்; பிரித்துப் பார்த்தால் இரும்பு உருக்கிய கசடாக இருக்கும். டைனோசர் முட்டை என்று இன்னொருவர் எழுதுவார். 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் ஏரி தோண்டியபோது வெளிப்பட்ட உருண்டைகளை ஊரே அப்படித்தான் நம்பியது. அவை கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்களைச் சுற்றி இறுகிய படிவுகள் என்று நிலவியலாளர்கள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. வடமேற்குத் தமிழகத்தின் அருங்காட்சியகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற காப்பாட்சியர் ஒருவர் இப்படிப்பட்ட கடிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். பொய்யான கல்லைப் பற்றிய கடிதத்தையும் அவர் கிழித்ததில்லை. அடுத்த முறை அதே ஆள் நல்ல கல்லோடு வரக்கூடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கோப்பில் அவர் அடிக்கடி எடுத்துக் காட்டும் கடிதம் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவரின் மகன் எழுதியது. ஓசூரில் வேலை பார்க்கும் இளைஞர், விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில் எழுதியிருக்கிறார்.

“ஐயா, வணக்கம். ஆடி மாதம் நிலக்கடலை போட உழவு ஓட்டும்போது எங்கள் காட்டில் ஒரு விநோதமான கல் கிடைத்தது. ஒரு அடி ஆழத்தில் இருந்திருக்கும். நிறம் கறுப்பு. டேப் வைத்து அளந்ததில் நீளம் 13.5 சென்டிமீட்டர். மளிகைக் கடைத் தராசில் 612 கிராம். ஒரு முனை கோடரி மாதிரி கூராகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. மறுமுனை மழுங்கல். நடுவில் பெருவிரல் வைக்கத் தோதாக ஒரு குழி. பின்பக்கம் எழுத்து மாதிரி மூன்று கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. இடி விழுந்த இடத்துக் கல் என்று பாட்டி சொல்கிறார், வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. கல்லைக் கழுவவில்லை. ஐந்து படங்கள் வைத்திருக்கிறேன். 1: முன்பக்கம், பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம். 2: பின்பக்கம், எழுத்து தெரியும்படி. 3: கையில் பிடித்தபடி. 4: பக்கவாட்டில். 5: கல் கிடைத்த இடம், அப்பா நிற்கிறார்.”

கடிதத்தில் காப்பாட்சியருக்கு முதலில் பிடித்த வாசகம் ‘கழுவவில்லை’ என்பதுதான். கல் கிடைத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, பாத்திரம் துலக்கும் கம்பி நாரால் தேய்த்து, எண்ணெய் தடவி, பளபளப்பாக்கிப் படம் எடுப்பது. எண்ணெய் பட்ட கல்லில் எது மனிதன் தீட்டிய வழவழப்பு, எது எண்ணெயின் மினுமினுப்பு என்று படத்தில் பிரிக்க முடியாது. இந்தப் பையனிடம் அந்தச் சிக்கல் இல்லை. கல்லின் மேல் செம்மண் அப்படியே இருந்தது.

முதல் படத்திலேயே ஒரு கணக்கு உதைத்தது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். படத்தில் கல்லின் நீளத்துக்கு ஐந்தரை நாணயங்களை வரிசையாக வைக்கலாம். அப்படியானால் நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வர வேண்டும். டேப் 13.5 என்கிறது. பையன் தவறாக அளந்தாரா?

இல்லை. செல்போனை மிக அருகில் வைத்து எடுத்த படம் அது. நாணயம் தரையில் கிடக்கிறது. கல்லின் விளிம்போ அதன் பாதிப் பருமன் உயரத்தில் இருக்கிறது. கல் நாலரை சென்டிமீட்டர் பருமன் என்றால் விளிம்பு தரையிலிருந்து இரண்டேகால் சென்டிமீட்டர் மேலே, அதாவது காமிராவுக்கு அந்த அளவு நெருக்கமாக இருக்கும். 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால், இந்தச் சின்ன வித்தியாசமே கல்லைப் பத்து சதவீதம் பெரிதாகக் காட்டிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்துப் பிறகு படத்தைப் பெரிதாக்கினால் பிழை இரண்டரை சதவீதத்துக்குள் அடங்கும். அல்லது நாணயத்தை ஒரு தீப்பெட்டியின் மேல் ஏற்றி, விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாலும் போதும். காப்பாட்சியர் எழுதிய பதில்களில் தீப்பெட்டி தவறாமல் இடம்பெறும். டேப் அளவும் நாணய அளவும் முரண்பட்டால் அவர் டேப்பைத்தான் நம்புவார்.

பையன் பெரிதும் நம்பியிருந்தது இரண்டாம் படத்தை. அதில்தான் ‘எழுத்து’ இருந்தது. அந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2006இல் மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி தோண்டியபோது கற்கோடரி கிடைத்தது. அதில் இருந்த குறிகளைச் சிந்துவெளி எழுத்துகள் என்று ஐராவதம் மகாதேவன் அடையாளம் காட்டினார். ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் செய்தி நாடெங்கும் போனது. அதற்குப் பிறகு கோடுள்ள எந்தக் கல்லைப் பார்த்தாலும் எழுத்தைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

காப்பாட்சியர் கோடுகளைப் படிக்க முயலவில்லை. அவற்றின் நிறத்தைப் பார்த்தார். கல் கரும்பழுப்பு, கோடுகள் ஆரஞ்சு கலந்த பழுப்பு. மூன்று கோடுகளும் ஒரே திசையில் ஓடி, திடீரென்று அறுந்து நின்றன. கல்லின் அதே முகத்தில் வெளிறிய சாம்பல் பச்சையில் வட்ட வட்டமாகப் பாசிப்பொருக்கு படர்ந்திருந்தது. அந்த வட்டம் ஒன்றின் நடுவே கோடு ஓடிய இடத்தில் மட்டும் பொருக்கு உரிந்து போயிருந்தது.

பதிலில் அவர் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டே இரண்டு படங்கள் கேட்டார். “தம்பி, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கல்லைப் பின்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். டார்ச்சைக் கல்லுக்கு இடப்பக்கம், ஏறக்குறைய தரையோடு தரையாகப் பிடித்து ஒரு படம். பிறகு வலப்பக்கம் பிடித்து ஒரு படம். காமிரா அசையக் கூடாது.”

செதுக்கிய கோடு என்றால் அது பள்ளம். தாழ்ந்து வரும் வெளிச்சத்தில் பள்ளத்தின் ஒரு கரை ஒளிரும், மறு கரை இருளும். டார்ச்சை மறுபக்கம் மாற்றினால் ஒளியும் இருளும் இடம் மாறும். வந்த இரண்டு படங்களிலும் அந்தக் கோடுகளுக்கு நிழலே இல்லை. கல்லில் இருந்த பழைய கொத்துத் தழும்புகள் எல்லாம் நன்றாக நிழல் காட்டின; ‘எழுத்து’ மட்டும் தட்டையாகக் கிடந்தது. ரோட்டாவேட்டர் கத்தி உரசிய தடம் அது. இந்தக் கறுப்புக் கல் உழவுக் கத்தியின் இரும்பைவிடக் கொஞ்சம் கடினமானது. உரசும்போது கல் கீறுவதற்குப் பதில் இரும்பு தேய்ந்து கல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒரு மழை பெய்தால் துருப்பிடித்து ஆரஞ்சுக் கோடாகிவிடும். உழவு நிலத்திலிருந்து வரும் கற்கோடரிகளில் இந்தத் துருக்கோடு அபூர்வமே இல்லை.

எழுத்து போனது, ஆனால் பாசிப்பொருக்கு ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. அது வெயிலும் மழையும் படும் கல்லில்தான் வளரும், அதுவும் மெதுவாக. ஓர் அடி ஆழத்தில் புதைந்து கிடந்த கல்லின் மேல் அது வராது. தவிர, ரோட்டாவேட்டர் கிளறுவது அரையடிக்கு உள்ளேதான். அப்படியானால் ‘ஒரு அடி ஆழம்’ எங்கிருந்து வந்தது?

விடை ஐந்தாம் படத்தில் இருந்தது. அனுப்பியவர் கடமைக்காக எடுத்த படம் அது. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நிற்கிறார், சுற்றிலும் உழுத செம்மண். ஆனால் அப்பாவின் காலடியிலிருந்து படத்தின் ஓரம்வரை ஒரு பட்டை மட்டும் வெளிறித் தெரிந்தது. அதில் சின்னச் சின்னக் கற்கள் வரிசை பிடித்தாற்போல் கிடந்தன. அருகம்புல் வேர்கள் கிளறப்பட்டு மேலே வந்திருந்தன.

காப்பாட்சியர் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

“அண்ணே, நீங்க நிக்கிற எடத்துல முன்னாடி வரப்பு இருந்துதுங்களா?”

“இருந்துதுங்க. போன வருசம்தான் ஜேசிபி வெச்சு ரெண்டு துண்டையும் ஒண்ணாக்குனோம்.”

“வரப்புல கல்லு போட்டிருந்தீங்களா?”

“எங்கப்பா காலத்துலருந்து உழவுல வர்ற கல்லையெல்லாம் அங்கதானுங்க வீசுறது.”

கதை பின்னாலிருந்து முன்னாலாகத் திறந்துகொண்டது. யாரோ ஒரு தலைமுறையில் ஏர்க்கலப்பையில் தட்டுப்பட்ட கல்லை எடுத்து வரப்பில் வீசியிருக்கிறார்கள். வரப்புக் கற்குவியலில் ஒரு முகம் வானத்தைப் பார்த்தபடி கிடந்ததில் அந்த முகத்தில் பாசிப்பொருக்கு பிடித்தது. ஜேசிபி வரப்பைத் தள்ளியபோது கல் மறுபடி மண்ணுக்குள் போனது. அடுத்த உழவில் ரோட்டாவேட்டர் அதன்மேல் கோடு போட்டு வெளியே எறிந்தது. பையன் சொன்ன ஆழத்துக்கு இதில் பொருளே இல்லை. அந்தக் கல் வரப்புக்கு இரண்டு பக்கமும் உள்ள எந்த இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். பதிவேட்டில் ‘ஓர் அடி ஆழத்தில்’ என்று ஏறியிருந்தால், பின்னாளில் யாராவது அந்த இடத்தில் மண்ணடுக்கு தேடிக் குழி வெட்டியிருப்பார்கள்.

உழவின் தடத்தையும் வரப்பின் தடத்தையும் இப்படி உரித்தெடுத்த பிறகுதான் கோடரி செய்தவன் விட்டுச் சென்றதைப் பார்க்க முடிகிறது. அதற்கு உதவியது நான்காம் படம், பக்கவாட்டில் எடுத்தது. கோடரியின் முன்பக்கப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் வேலையைச் சொல்லாது. பக்கவாட்டில் பார்த்தால் வாய் இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்திருக்கிறதா, ஒரே பக்கம் சரிந்திருக்கிறதா என்று தெரியும். இரண்டு பக்கமும் சரிந்தது கோடரி. மரம் வெட்ட, பிளக்க. ஒரு பக்கம் மட்டும் சரிந்தது வாய்ச்சி; மரத்தை இழைக்க, மண்ணைக் கொத்த. இது கோடரிதான். வாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம்வரை மட்டும் வழவழவென்று தீட்டப்பட்டிருந்தது. மீதி உடம்பு முழுவதும் கொத்திக் கொத்தி உருவாக்கிய சின்னப் பள்ளங்கள். வேலை அரைகுறை என்று இதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் மரப்பிடிக்குள் நுழையும் பகுதி சொரசொரப்பாக இருந்தால்தான் நழுவாமல் பிடிக்கும். தீட்டுவது பல மணி நேர வேலை. வெட்டுகிற வாய்க்கு மட்டும் அதைச் செலவழித்தால் போதும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓர் அரசு விடுமுறையில் பையன் கல்லைச் சாக்குத் துணியில் சுற்றி நேரில் கொண்டுவந்தார். என்ன கல் என்பதைப் படத்தை வைத்துச் சொல்லும் வழக்கம் காப்பாட்சியருக்குக் கிடையாது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒரே கல் இல்லை. அவர் செய்தது எளிய சோதனை. கல்லை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டார்: 612 கிராம். தொங்கியபடியே வாளித் தண்ணீரில் முழுக்கினார்: 405 கிராம். குறைந்தது 207. ஆக, தண்ணீரைப் போல 2.96 மடங்கு கனம். அந்த வட்டாரத்தில் தரையெல்லாம் பாவியிருக்கும் நைஸ் பாறையும் கிரானைட்டும் 2.7ஐ ஒட்டி நிற்கும். மூன்றை நெருங்கும் கறுப்புக் கல் என்றால் டாலரைட் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். இதே கனத்தில் வேறு கரும்பாறைகளும் உண்டு என்பதால் ‘டாலரைட் ஆகலாம்’ என்றுதான் எழுதினார். பழைய பாறைகளைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கும் டாலரைட் பாறைச்சுவர்கள் அந்த மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. இன்று கறுப்பு கிரானைட் என்ற பெயரில் அறுத்து ஏற்றுமதி ஆவதும் அவைதான். கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லுக் குன்றில் அப்படி ஒரு பாறைச்சுவரை உடைத்தே புதிய கற்கால மக்கள் கோடரிப் பட்டறை நடத்தியிருக்கிறார்கள்.

பெருவிரல் குழிக்கு வருவோம். பிடித்துக்கொள்ளச் செய்தது என்று பையன் உறுதியாக நம்பினார். மூன்றாம் படமே அதற்காக எடுத்ததுதான். பெருவிரல் அதில் பொருந்தத்தான் செய்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது குழிக்குள் கல்லின் மணிகள் நொறுங்கி வெளிறியிருந்தன. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் வழவழப்பாக வேண்டும். இது அடி வாங்கிய இடம். குழியின் ஓரம் ஓரிடத்தில் தீட்டிய வழவழப்புக்குள் கொஞ்சம் நுழைந்து அதை வெட்டியிருந்தது. தீட்டிய பிறகு விழுந்த குழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மழுங்கிய முனையிலும் அதே மாதிரியான நொறுங்கல். கோடரியாக ஓய்ந்த பிறகு, அது எதையோ வைத்து உடைக்கும் பட்டடையாகவும் சுத்தியலாகவும் இன்னொரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. உடைத்தது கொட்டையா, இன்னொரு கல்லா என்று அந்தக் குழி சொல்லவில்லை.

காலத்தையும் அது தானாகச் சொல்லாது. திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது இப்படித் தீட்டிய கோடரிகள் புதிய கற்கால மண்ணடுக்கில் கிடைத்தன. அதனால் பொதுவாக நாலாயிரம், மூவாயிரம் ஆண்டுகள் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்தக் கோடரி கிடைத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டபின், கல் முடிந்து இரும்பு தொடங்கியது என்ற நேர்க்கோட்டை இந்த வட்டாரத்தில் அவ்வளவு சுலபமாகப் போட முடியவில்லை. வரப்பிலிருந்து வந்த ஒற்றைக் கோடரிக்கு ‘புதிய கற்கால மரபு’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை என்பது காப்பாட்சியரின் எண்ணம். பார்வையாளர்களுக்கு ஆண்டு எழுதியிருந்தால்தான் திருப்தி. அதற்காக ஆண்டு எழுதக் கூடாது என்பார்.

நிலத்தைப் பார்க்கப் போனபோது அவர் கல் தேடுவதைவிடப் பாறை தேடினார். காட்டின் மேற்கு ஓரத்தில் தாழ்ந்த பாறை ஒன்றில் தேய்ந்த தடங்கள் இருந்தன. ஊர்க்காரர்கள் அரிவாள் தீட்டும் இடம் என்றார்கள். அதுவும் உண்மைதான், ஒரு கரையில் குறுகலான, ஆழமான கீற்றுகள் இருந்தன. இரும்பு வாய் தீட்டினால் அப்படித்தான் விழும். ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில் நாலு விரல் அகலத்தில், தோணிபோல் மெதுவாகச் சரிந்து ஏறும் பள்ளங்கள் இரண்டு. கல்லின் வளைந்த வாயை மணலும் தண்ணீரும் விட்டு முன்னும் பின்னும் தேய்த்தால் விழும் உருவம் அது. கோடரியின் வாயை அதில் பொருத்திப் பார்க்கலாமா என்று பையன் கேட்டார். காப்பாட்சியர் விடவில்லை. எந்தக் கோடரியும் எந்தப் பள்ளத்திலும் ஏறக்குறையப் பொருந்தும், அதிலிருந்து ஒன்றும் நிரூபணமாகாது, வாய்தான் தேயும் என்றார். பாறையின் இடத்தைக் குறித்துக்கொண்டு, வரப்பு இருந்த பட்டையையும் வரைந்துகொண்டார்.

சட்டப் பயமும் அப்பாவுக்கு இருந்தது. நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளுமோ என்று கேட்டார். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மண்ணிலிருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. அவ்வளவையும் கிராம நிர்வாக அலுவலர் வழியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று. கல் அருங்காட்சியகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறியது. கிடைத்த சூழல் என்ற கட்டத்தில் ‘அகற்றப்பட்ட வரப்பு, முதல் இடம் அதன் இருபுறமும் உள்ள நிலத்தில் எங்கும் இருக்கலாம்’ என்று இருக்கிறது. அதோடு ஐந்தாம் படமும் ஒட்டப்பட்டது. அடுத்த மழைக்குப் பிறகு அந்த வெளிறிய பட்டை உழவில் கலந்து மறைந்துவிடும் என்பதால், வரப்பு எங்கே ஓடியது என்பதற்கு இனி அந்தப் படம்தான் சாட்சி.

நிலத்தைப் பார்த்துவிட்டு விடைபெற்ற அன்று பாட்டி, யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர்போல, ஊர் எல்லை வேப்பமரத்தடிப் பிள்ளையாரிடம் இதே மாதிரி மூன்று கல் இருப்பதாகச் சொன்னார். காப்பாட்சியருக்கு இது ஆச்சரியம் இல்லை. ஏற்காட்டு மலையிலும் சவ்வாது மலையிலும் பழைய கற்கோடரிகள் பிள்ளையார் சந்நிதிகளில் நட்டு வணங்கப்படுகின்றன. இங்கேயும் மூன்றும் வாய் மேலே தெரிய மண்ணில் நட்டிருந்தன. மஞ்சளும் குங்குமமும் கனமாகப் படிந்திருந்தன. எடுத்துப் பார்க்கலாம் என்று பூசாரி சொல்லியும் அவர் பிடுங்கவில்லை. மஞ்சளைத் துடைக்கவும் இல்லை. வாயின் அகலத்தை மட்டும் காலிப்பரால் அளந்தார். தீப்பெட்டியின் மேல் நாணயத்தை வைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று பையனைப் படமெடுக்கச் சொன்னார். குறிப்பேட்டில் நீளம் என்ற தலைப்பை அடித்துவிட்டு, ‘மண்ணுக்கு மேல் தெரியும் உயரம்’ என்று மாற்றி, மூன்று எண்களை எழுதிக்கொண்டார்.